தட்டில் 47 கிராம், உடம்பில் 40 கிராம்

திருநகரில் இருக்கும் என் மதினி பிறந்ததிலிருந்து சைவம். முட்டைகூடத் தொட மாட்டார். எடை 55 கிலோ. போன மாதம் ஒரு நோட்டில் தான் ஒரு நாளில் சாப்பிடுவதையெல்லாம் எழுதி, பக்கத்தில் புரதக் கணக்கும் போட்டு வைத்திருந்தார். "கிலோவுக்கு 0.83 கிராம் வேணும்னு போட்டிருக்கு. 55-க்கு 46 கிராம் வருது. நான் 47 சாப்பிடுறேன். கணக்கு சரியா வந்திருச்சுல்ல தம்பி?" என்று கேட்டார்.

கூட்டலில் தப்பே இல்லை. ஆனால் அந்த 0.83 எந்தப் புரதத்துக்குச் சொன்னது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பால், முட்டை மாதிரி ஏறக்குறைய முழுதாகச் செரித்து, தேவையான அமினோ அமிலங்களும் சரியான அளவில் உள்ள புரதத்துக்கு அது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையிலும் தானியம் மேலோங்கிய சாப்பாட்டுக்குக் கிலோவுக்கு 1 கிராம் என்று தனியாகவே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்பதை மதினியின் நோட்டை வைத்தே பார்த்துவிடலாம்.

சாப்பிட்ட புரதத்தில் எவ்வளவு செரித்தது என்று எப்படி அளக்கிறார்கள்? புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். ஒருவர் சாப்பிட்ட நைட்ரஜனையும் மலத்தில் வெளியேறும் நைட்ரஜனையும் அளப்பார்கள். ஒரு திருத்தமும் உண்டு. குடலின் உதிர்ந்த செல்கள், செரிமானச் சாறுகள் என்று உடம்பின் சொந்த நைட்ரஜனும் மலத்தில் கலந்திருக்கும். புரதமே இல்லாத சாப்பாடு கொடுத்து அதன் அளவைத் தெரிந்துகொண்டு கழித்துவிடுவார்கள். இப்படி அளந்து உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து தந்த அட்டவணையில் பால் வகைக்கு 95 சதவீதம், தீட்டிய அரிசிக்கு 88, பயறு வகையில் பீன்ஸுக்கு 78.

பயறு ஏன் இவ்வளவு பின்தங்குகிறது? ஒரு கொண்டைக்கடலையைத் தோல் உரித்து நசுக்கிப் பாருங்கள். அந்த மாவு முழுக்க நுண்ணிய செல்கள். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் நார்ச்சுவர், அதற்குள் புரதம் உருண்டை உருண்டையாக அடைந்து கிடக்கிறது. முளைவிடும் நாள்வரை விதை தனக்காகப் பூட்டி வைத்திருக்கும் சேமிப்பு அது. சுவர் உடையாவிட்டால் நம் செரிமான நொதி உள்ளே போக முடியாது. போனாலும் அந்தப் புரதம் இறுக்கமாக மடிந்திருக்கும், வெட்டுவதற்கு நேரம் பிடிக்கும். இது போதாதென்று, டிரிப்சின் என்ற நொதியையே முடக்கும் தடுப்பான்களும் பயறில் உண்டு. தோலில் இருக்கும் துவர்ப்புப் பொருளான டானின், புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை விடாது. செரிக்காமல் மிஞ்சியது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு இரையாகிறது. நமக்கு அமினோ அமிலமாகக் கிடைப்பதில்லை.

சரி, இப்போது நோட்டுக்கு வருவோம். காலையில் இட்லி, மதியம் சோறு, சாம்பார், ஒரு கூட்டு, தயிர், ராத்திரி தோசை, இடையில் இரண்டு காபி. மூன்று வேளைக்கும் சேர்த்து அரிசி 280 கிராம். இதில் புரதம் சுமார் 22 கிராம். மாவுக்குப் போன உளுந்து 35 கிராம், சாம்பாருக்குத் துவரம் பருப்பு 30 கிராம், இரண்டிலும் சேர்த்து 14.5. காபிப் பாலும் தயிரும் 250 மில்லி, அதில் 8. காய்கறியில் 3. கூட்டினால் 47.5.

இனி ஒவ்வொன்றையும் அதன் விகிதத்தால் பெருக்க வேண்டும். அரிசியின் 22-இல் 88 சதவீதம், 19.4. பருப்பின் 14.5-இல் 78 சதவீதம், 11.3. பாலின் 8-இல் 95 சதவீதம், 7.6. காய்கறிக்கு 75 என்று வைத்துக்கொண்டேன், 2.2 வருகிறது. மொத்தம் 40.5 கிராம். தேவை 45.6. ஐந்து கிராம் குறைகிறது.

ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் இந்தச் சாப்பாட்டின் செரிமானம் 85 சதவீதம். பலரும் சறுக்கும் இடம் இதுதான். 15 சதவீதம் வீணாகிறது, ஆகவே 45.6-ஓடு 15 சதவீதம் கூட்டினால் போதும் என்று 52.4-இல் நின்றுவிடுவார்கள். அந்த 52.4-இலும் 15 சதவீதம் வீணாகும் என்பது விட்டுப்போகிறது. கூட்டக் கூடாது, 0.85-ஆல் வகுக்க வேண்டும். 45.6-ஐ வகுத்தால் 53.7 கிராம். அதை 55 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 0.98. ஐதராபாத்காரர்கள் சொன்ன 1 கிராம் ஏறக்குறைய அப்படியே வந்து நிற்பதைப் பார்த்ததும் மதினி நோட்டை வாங்கி இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார்.

குறைகிற ஐந்து கிராமுக்கு என்ன செய்வது? பாலாக என்றால் 170 மில்லி கூடுதலாகக் குடித்தால் முடிந்தது. கொண்டைக்கடலை என்றால் பச்சையாக 35 கிராம் வேண்டும். அதில் புரதம் 6.6, செரிப்பது 5.1. ஊறி வெந்தால் ஒரு கை நிறைய வரும், தெப்பக்குளத்துப் பக்கம் சாயங்காலம் வாங்கும் ஒரு சுண்டல் பொட்டலம் அளவுக்கு.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. சாம்பாரில் 30 கிராம் பருப்பு நிஜமாகவே இருக்க வேண்டும். நால்வருக்கு 120 கிராம் போட்டால்தான் அது. தெளிவாக ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிடும் நாளில் புரதம் குறைவதோடு லைசின் என்ற அமினோ அமிலமும் குறையும். அரிசியில் அது கம்மி, ஈடுகட்டுவது பருப்பும் தயிரும்தான். மதினி சாப்பாட்டில் லைசின் போதுமான அளவு இருந்ததால் செரிமானத்துக்கு மட்டும் திருத்தினால் போதும் என்று விட்டேன்.

78 என்பதும் கல்லில் செதுக்கிய எண் அல்ல. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார் ஐசோடோப்பால் குறியிட்ட பயறுகளைக் கொடுத்து, மலத்தை விட்டுவிட்டு, சிறுகுடல் அளவிலேயே எவ்வளவு அமினோ அமிலம் உள்ளே போகிறது என்று பார்த்தார்கள். முழுப் பாசிப்பயறுக்கு 63 சதவீதம்தான் வந்தது. தோல் நீக்கியதும் 71 ஆனது. வெறும் தோலை எடுத்ததற்கே எட்டு புள்ளி! நம் இட்லி மாவில் உளுந்து தோல் போய், ஊறி, அரைபட்டு, புளித்து, அப்புறம் வேகிறது. சுவரும் உடைகிறது, தடுப்பானும் அடங்குகிறது.

சுண்டலில் அந்த வசதி இல்லை. அதனால் முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் வைக்கச் சொன்னேன். ஈரச்சூடுதான் டிரிப்சின் தடுப்பானைப் பெரும்பாலும் அழிக்கும், வறுத்த கடலையில் அது அவ்வளவு முழுமையாக நடப்பதில்லை. வெந்ததா என்று பார்க்க ஒரு கடலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் போதும். நடுவில் கடினமாக ஒரு மணி தட்டாமல் வெண்ணெய் போல் நசுங்க வேண்டும். மதினி மூன்று விசில் விட்டு இறக்கியதில் அந்த மணி இருந்தது. இன்னும் இரண்டு விசில் விட்டார், நசுங்கியது. நோட்டில் அன்றைய வரிக்குக் கீழே 45.6 என்று எழுதிக்கொண்டார்.