பதிவில் லிங்க் போட்டால் ரீச் ஏன் குறைகிறது, லிங்க்கை எங்கே வைப்பது

பத்தமடையில் கோரைப் பாய் விற்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். கடைக்கு ஒரு பேஸ்புக் பக்கம், ஒரு எக்ஸ் கணக்கு, விலைப்பட்டியலோடு ஓர் இணையதளம் இருக்கின்றன. தறியில் பாய் விரிந்து கிடக்கும் படத்தைப் போட்ட அன்று நல்ல ரீச். மறுநாள் "விலை விவரத்துக்கு இங்கே பாருங்கள்" என்று லிங்க்கோடு போட்ட பதிவு பாதி பேரிடம்கூடப் போய்ச் சேரவில்லை. "லிங்க் போட்டா அமுக்கிருவாம்ல" என்பதுதான் இதற்கு நம் பக்கத்தில் கிடைக்கும் விளக்கம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பெரிய காரணம் வேறு. அது தெரிந்தால்தான் லிங்க்கை எங்கே வைப்பது என்பதும் பிடிபடும்.

ஒரு பதிவை யாருக்குக் காட்டலாம் என்று தளம் முடிவு செய்யும்போது ஒவ்வொரு வாசகருக்கும் தனித்தனியாகச் சில கணிப்புகளைப் போடுகிறது. இவர் லைக் போடுவாரா, பதில் எழுதுவாரா, பகிர்வாரா, "இது வேண்டாம்" என்று ஒதுக்குவாரா? ஒவ்வொரு செயலும் நடக்கும் வாய்ப்பை அதற்குரிய எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவதே அந்தப் பதிவின் மதிப்பெண். மதிப்பெண் கூடிய பதிவு மேலே வரும். இது வெறும் ஊகமில்லை. எக்ஸ் நிறுவனம் 2023 மார்ச் 31 அன்று தன் பரிந்துரை நிரலின் பெரும்பகுதியை நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வெளியிட்டது. அதோடு வந்த குறிப்பில் அப்போதைய எடைகளும் இருந்தன: லைக்குக்கு 0.5, மறுபகிர்வுக்கு 1, பதிலுக்கு 13.5. வாசகர் எழுதிய பதிலைப் பதிவிட்டவர் கவனித்து அதற்கு வினையாற்றினால் 75. "இது வேண்டாம்" என்று ஒதுக்குவது போன்றவற்றுக்குக் கழித்தல் 74, புகார் செய்தால் கழித்தல் 369. எடைகளை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் எது இல்லை என்பதுதான் நமக்கு முக்கியம். வெளித்தளத்துக்குப் போகும் லிங்க்கைத் தட்டுவதற்கு அதில் எடையே கிடையாது.

நம் கடையின் இரண்டு பதிவுகளை இந்த எடைகளில் போட்டுப் பார்க்கலாம். வாசகர் எண்ணிக்கையெல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. முதல் பதிவில் ஒரு வரியும் லிங்க்கும் மட்டும். ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். நாற்பது பேர் லிங்க்கைத் தட்டி விலைப் பக்கத்துக்குப் போகிறார்கள், பத்துப் பேர் லைக் போடுகிறார்கள், ஒருவர் பதில் எழுதுகிறார். நாற்பது தட்டலுக்கும் சுழியம், லைக்குகளுக்கு 5, பதிலுக்கு 13.5, மொத்தம் 18.5. இரண்டாவது பதிவு, கோரையை எப்படிக் கீறி, ஊறவைத்து, பாவு நூலில் நெய்கிறார்கள் என்று நாலு படத்தோடு சொல்கிறது. லிங்க் இல்லை. இருபத்தைந்து லைக்குக்கு 12.5, ஐந்து பதில்களுக்கு 67.5, அவற்றில் இரண்டுக்குக் கடைக்காரர் மறுமொழி சொன்னதால் 150, ஆக 230. பன்னிரண்டு மடங்குக்கு மேல். அதற்காக ரீச்சும் பன்னிரண்டு மடங்கு ஆகிவிடாது; உண்மையில் இந்தக் கணக்கு, நடந்து முடிந்தவற்றை எண்ணாமல், நடக்கக்கூடியவற்றின் வாய்ப்பை வைத்தே போடப்படுகிறது. ஆனால் எது எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது இதில் தெளிவாகத் தெரியும்.

முதல் பதிவுதான் கடைக்கு அதிகம் உதவியது என்பதையும் கவனியுங்கள். நாற்பது பேர் விலை பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வெளியே போன பிறகு செய்தது எதுவும் மதிப்பெண்ணாகத் திரும்பி வரவில்லை. செயலிக்குள்ளேயே திறக்கும் பிரவுசர் பதிவை மூடிவிடுகிறது. படித்து முடித்தவர் திரும்பி வந்து லைக் போட மறந்துவிடுகிறார். பதிவு நல்லதா இல்லையா என்று தளத்துக்குத் தெரியாமல் போகிறது. எக்ஸின் தயாரிப்புத் தலைவர் நிகிதா பியர் 2025 அக்டோபரில் லிங்க் பதிவுகளின் ரீச் குறைவதற்குச் சொன்ன காரணமும் இதுவே. லிங்க் திறந்திருக்கும்போதே கீழே லைக், பதில் பொத்தான்கள் தெரியும்படி அப்போது ஒரு சோதனையும் தொடங்கினார்கள்.

வேண்டுமென்றே செய்வதும் உண்டு. தங்கள் அல்காரிதம் மக்கள் தளத்தில் செலவிடும் நேரத்தைக் கூட்டவே முயல்கிறது, வெளியே போனால் நேரம் குறைகிறது, அதனால் லிங்க்குக்குக் கவனம் குறைவு என்று எலான் மஸ்க்கே 2023 அக்டோபரில் எழுதினார். 2024 நவம்பரில் அவர் சொன்ன யோசனை: பதிவில் விவரத்தை எழுதுங்கள், லிங்க்கைப் பதிலில் போடுங்கள்.

பேஸ்புக்கின் வழி கொஞ்சம் வேறு. தலைப்பால் ஏமாற்றும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக 2014 ஆகஸ்டில் அறிவித்தபோது, லிங்க்கைத் தட்டியவர் வெளியே எவ்வளவு நேரம் இருந்தார் என்பதையும் பார்ப்பதாக அது சொன்னது. போன வேகத்தில் திரும்பினால் அங்கே ஒன்றும் இல்லை என்று பொருள். 2017 ஆகஸ்டில் மெதுவாகத் திறக்கும் பக்கங்களுக்குப் போகும் லிங்க்குகளையும் பின்னுக்குத் தள்ளத் தொடங்கியது. ஆகவே விலைப் பக்கத்தில் ஒவ்வொன்றும் ஐந்து எம்பி அளவில் பத்துப் பாய்ப் படங்களை ஏற்றி வைத்திருந்தால், லிங்க்கை எங்கே நகர்த்தியும் பயனில்லை. முதலில் படங்களைச் சுருக்க வேண்டும். 2018 ஜனவரியில் நண்பர்களும் உறவினர்களும் பேசிக்கொள்ளும் பதிவுகளுக்கு முன்னுரிமை வந்தது. பேஸ்புக் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-ன் இரண்டாம் காலாண்டில் அமெரிக்காவில் பார்க்கப்பட்ட பதிவுப் பார்வைகளில் 87.1 சதவீதத்தில் வெளி லிங்க்கே இல்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் வழி ஒன்றுதான்: வாசகர் வெளியே போவதற்கு முன்பே உள்ளே ஏதாவது செய்துவிட வேண்டும். அதற்குப் பதிவே முழுமையாக இருக்க வேண்டும். பாயின் நீள அகலம், சாதாரணப் பாய்க்கும் பட்டுப் பாய்க்கும் உள்ள வித்தியாசம், விலை எங்கிருந்து தொடங்குகிறது என்பவை பதிவிலேயே இருக்கட்டும். எளிதில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியையும் கேட்கலாம். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரைத் தமிழில் நெய்யச் சொல்வீர்களா, ஆங்கிலத்திலா என்று கேட்டால் சொல்ல ஆட்கள் இருப்பார்கள். "பிடித்திருந்தால் லைக் போடுங்கள்" என்று கெஞ்சுவது வேறு. அந்த வகைப் பதிவுகளை பேஸ்புக் 2017 டிசம்பரிலிருந்தே பின்னுக்குத் தள்ளுகிறது. பதிவு வெளியான உடனே முதல் கமெண்ட்டாக லிங்க்கைப் போட்டு, மேலே நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்தி, பதிவின் கடைசி வரியில் "அளவும் விலையும் முதல் கமெண்ட்டில்" என்று சொல்லிவிட வேண்டும். அந்த வரியை விட்டுவிட்டால் கமெண்ட் லிங்க்கை யாரும் தேடி வரமாட்டார்கள். எக்ஸில் அதே லிங்க் உங்கள் பதிவுக்கு நீங்களே எழுதும் பதிலில் போகும். இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே எழுதும் லிங்க் தட்டினாலும் திறக்காது. பயோவில் ஐந்து வரை வைக்கலாம், ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் உண்டு.

சில தந்திரங்கள் ஊரெல்லாம் சுற்றுகின்றன. லிங்க்கை ஒட்டி, முன்னோட்ட அட்டை வந்ததும் எழுத்தை மட்டும் அழித்துவிடுவது அவற்றில் ஒன்று. அட்டை இருக்கும்வரை அது லிங்க் பதிவுதான். "டாட் காம்" என்று பிரித்து எழுதினால் தளம் ஏமாறுகிறதோ இல்லையோ, வாசகருக்குத் தட்ட ஒன்றும் இருக்காது. ஒரே லிங்க்கைப் பத்து நிமிடத்தில் இருபது குழுக்களில் ஒட்டுவது இவை எல்லாவற்றையும்விட மோசம். அதைத் தளம் ஸ்பேம் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.

கமெண்ட்டில் போடுவதற்கும் விலை உண்டு. ரீச் கூடும், தட்டும் விகிதம் குறையும். பதிவிலேயே லிங்க் இருந்தபோது 800 பேர் பார்த்து 3 சதவீதம் தட்டினால் 24 பேர். கமெண்ட்டுக்கு மாற்றியதும் 2,000 பேர் பார்த்து 0.8 சதவீதம் தட்டினால் 16 பேர்தான். ரீச் இரண்டரை மடங்கு ஆகியும் கடைக்கு வந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். இந்தக் கடைக்கு எல்லைக்கோடு 1.2 சதவீதம், அதாவது 3-ஐ 2.5-ஆல் வகுத்தால் வருவது. தட்டும் விகிதம் அதற்குக் கீழே போனால் லிங்க் பதிவிலேயே இருப்பது மேல். ரீச்சை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் தவறவிடுவது இந்தக் கோட்டைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க, இரண்டு இடத்து லிங்க்குகளையும் வெவ்வேறாக அடையாளமிட வேண்டும்:

```
https://example.com/paai?utm_source=facebook&utm_medium=post
https://example.com/paai?utm_source=facebook&utm_medium=comment
```

இரண்டும் ஒரே பக்கத்தைத்தான் திறக்கும், ஆனால் இணையதளத்தின் வருகைக் கணக்கில் தனித்தனியாக விழும். ஒரே மாதிரிப் பொருள், ஒரே நேரம், ஒரே கிழமை. ஒரு வாரம் பதிவில், மறுவாரம் கமெண்ட்டில். மூன்று நாள் கழித்து ரீச்சையும் தட்டலையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடியை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒரு பிரபலமானவர் பகிர்ந்தாலே கணக்கு புரண்டுவிடும். ஐந்தாறு ஜோடியிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம்.

சில பதிவுகளில் லிங்க் நடுவில்தான் இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஓடிய உதவிச் செய்திகளைப் போன்றவற்றை மக்கள் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பகிரும்போது கமெண்ட் கூடவே போகாது. கமெண்ட்டில் இருந்த லிங்க் அங்கேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட பதிவில் லிங்க்கையும் போன் எண்ணையும் வாசகத்துக்குள்ளேயே வைப்பதுதான் சரி, ரீச் என்ன ஆனாலும். வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கவலையே இல்லை. அங்கே மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவது கிடையாது, வந்த வரிசையில் எல்லாருக்கும் தெரியும். பாய்க் கடையும் வழக்கமான வாடிக்கையாளர் குழுவில் விலைப் பக்கத்தின் லிங்க்கை நேராகவே போடலாம்.

பதிவில் லிங்க் இருந்தும் ரீச் குறையவில்லை, ஆனால் யாரும் தட்டவில்லை என்றால் குறை லிங்க்கின் இடத்தில் இல்லை. முன்னோட்ட அட்டையைப் பாருங்கள். படம் இல்லாமல் வெறும் சாம்பல் கட்டம் வருகிறதென்றால் பக்கத்தில் `og:image` குறியீடு இல்லை, அல்லது படம் மிகச் சிறியது. அகலம் 1200, உயரம் 630 பிக்சல் உள்ள ஒரு படத்தை அந்தக் குறியீட்டில் கொடுத்துவிட்டு, பேஸ்புக்கின் `Sharing Debugger` பக்கத்தில் முகவரியை ஒட்டி `Scrape Again` என்பதைத் தட்டினால் பழைய அட்டை போய்ப் புதியது வந்துவிடும்.