சாணத்துக்கும் கோமியத்துக்கும் நடுவே ஒரு நொதி

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வைக்கோலை மாடு தின்கிறது, சாணம் வயலுக்குப் போகிறது, சாணத்துப் புழுவைக் கோழி பொறுக்குகிறது, மரத்தழையை ஆடு கடிக்கிறது. ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குத் தீனி என்றால், வெளியிலிருந்து எதுவுமே வாங்காமல் ஒரு பண்ணை ஓடுமா?”

ஓடாது. ஆனால் ஏன் ஓடாது என்பதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது. ஒருங்கிணைந்த பண்ணையை விளக்கும் படங்களில் மாட்டிலிருந்து வயலுக்கும் வயலிலிருந்து மாட்டுக்கும் அம்புக்குறிகள் அழகாகச் சுற்றி வரும். எது எங்கே போகிறது என்று அவை சொல்லும். போகிற வழியில் எவ்வளவு தொலைகிறது என்று சொல்லாது. அது தெரிய வேண்டுமானால் ஒரே ஒரு பொருளின் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும். நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, இதற்குத் தோதான பொருள்.

ஒரு கறவை மாட்டை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 12 கிலோ உலர் தீவனம், அதில் சராசரியாக 11 சதவீதம் புரதம். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால், மாட்டுக்குள் போகிற நைட்ரஜன் ஏறக்குறைய 210 கிராம். அது 8 லிட்டர் பால் கறந்தால் பாலோடு 40 கிராம் வெளியேறும். மீதி 170 கிராமும் பின்பக்கமாகத்தான் வர வேண்டும். அதில் ஏறத்தாழ பாதி சாணத்தில், பாதி கோமியத்தில். சாணத்தில் இருப்பது பெரும்பாலும் நுண்ணுயிர்களின் உடலோடும் செரிக்காத நாரோடும் ஒட்டிக்கொண்டிருப்பதால் அவ்வளவு சீக்கிரம் ஓடாது. கோமியத்தில் உள்ள 85 கிராமில் முக்கால் பங்கு வெறும் யூரியா. கடையில் மூட்டையில் விற்கும் அதே யூரியாதான். ஆண்டுக் கணக்குப் போட்டால் இந்த யூரியாவில் மட்டும் 23 கிலோ நைட்ரஜன் தேறும். அது 50 கிலோ யூரியா உரத்துக்குச் சமம். எந்த இன மாடாக இருந்தாலும் இதே கணக்குதான். கோமியத்துக்கு மந்திர சக்தி உண்டென்று சொல்பவர்கள் இந்த யூரியாவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இந்த யூரியா தொழுவத்துத் தரையில் விழுந்ததும் என்ன ஆகிறது? சுத்தமான நீரில் கரைந்த யூரியா தானாகச் சிதைய ஆண்டுக்கணக்கில் ஆகும். தொழுவத்திலோ ஒரு நாளுக்குள் கதை முடிந்துவிடும். காரணம் யூரியேஸ் என்ற நொதி. யூரியா சிதையும் வேகத்தை அது லட்சம் கோடி மடங்குக்கும் மேல் கூட்டிவிடுகிறது. ஒரு யூரியா மூலக்கூறு, ஒரு நீர் மூலக்கூறு. வெளியே வருவது இரண்டு அம்மோனியா, ஒரு கார்பன் டை ஆக்சைடு. அம்மோனியா பெருகப் பெருகத் தரையில் தேங்கிய ஈரம் காரமாகிறது. காரமான நீரில் அம்மோனியா கரைந்து நிற்காது, வாயுவாகக் கிளம்பிவிடும். காலையில் தொழுவக் கதவைத் திறந்ததும் கண் எரிகிறதா? நீங்கள் வாங்காமல் மிச்சம் பிடித்திருக்க வேண்டிய உரம் கூரை வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இந்த நொதியைச் செய்ய மாட்டுக்குத் தெரியாது என்பதுதான். பாலூட்டிகள் எவற்றுக்குமே தெரியாது. யூரியாவை உண்டாக்க நம் கல்லீரலால் முடியும், உடைக்க முடியாது. உடைப்பவை நுண்ணுயிர்களும் செடிகளும். கோமியம் உடலைவிட்டு வரும்போது அதில் யூரியேஸ் கிடையாது. சாணத்தில் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் நொதியும் ஏராளம். இரண்டும் கலக்கிற இடத்தில்தான் கொள்ளை நடக்கிறது. ஆகவே செய்ய வேண்டியது கிட்டத்தட்ட முழுவதுமே கொத்தனார் வேலை: தரைக்குச் சரிவு கொடுத்து, கோமியம் விழுந்த சில நிமிடங்களில் சாணத்தைத் தொடாமல் கால்வாய்க்கு ஓடி, மூடியுள்ள தொட்டிக்குப் போய்ச் சேரும்படி செய்வது. பழைய தரையைக் கட்டி மாற்ற வசதியில்லை என்றால் வைக்கோலைப் படுக்கையாகப் போடலாம். வைக்கோலில் கார்பன் மிகுதி, நைட்ரஜன் குறைவு. அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நைட்ரஜனுக்காக அலைவதால், பக்கத்தில் கிடைக்கிற அம்மோனியாவை இழுத்துத் தங்கள் உடலில் சேர்த்துக்கொள்ளும். தொட்டியில் சேர்த்த கோமியத்தை நீர் கலந்து ஈர மண்ணில் ஊற்றி, உடனே பாசனம் விட வேண்டும். உச்சி வெயிலில் காய்ந்த மண்ணின் மேல் தெளித்தால், தொழுவத்தில் தப்பியது வயலில் போய்விடும். மண்ணிலும் யூரியேஸ் உண்டு.

யூரியேஸைப் பற்றி ஒரு கிளைக்கதை. ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்க வேதியியலர் 1917-இல் ஜாக் பீன் என்ற அவரையினப் பயற்றிலிருந்து இந்த நொதியைப் பிரித்தெடுக்க உட்கார்ந்தார். பதின்ம வயதில் வேட்டை விபத்தில் ஒரு கையை இழந்தவர். 1926-இல் அவருக்கு யூரியேஸ் படிகமாகக் கிடைத்தது. உலகில் முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட நொதி அதுதான். நொதி என்பது புரதமே என்று அவர் சொன்னதைப் பெரிய ஆட்கள் பலர் நம்பவில்லை. 1946-இல் நோபல் பரிசு வந்தது. அவரைமாவை வைத்துக்கொண்டு ஒன்பது ஆண்டு. மூன்றாண்டுத் திட்டத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை கேட்கும் இன்றைய நிதிக்குழுவிடம் இந்த வேலைக்கு ஒரு பைசா பெயர்ந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

சரி, தொழுவத்தில் திருடனாக இருக்கும் அதே நொதி, வைக்கோல் போரில் வேலையாளாகிவிடுகிறது. நெல் வைக்கோலில் புரதம் சுமார் 4 சதவீதம்தான். தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும், மாடும் தின்பதைக் குறைத்துவிடும். அதற்கொரு வழி உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் பாலிதீனால் மூடி மூன்று வாரம் விட வேண்டும். வைக்கோலில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களின் யூரியேஸ் யூரியாவை உடைக்கும். அம்மோனியா இப்போது ஓட வழியில்லாமல் தண்டுக்குள் புகுந்து, தண்டை விறைப்பாக்கும் லிக்னினையும் நாரையும் இணைக்கும் பிணைப்புகளை அறுக்கும். தண்டு ஊறி இளகும், செரிமானம் கூடும். அம்மோனியாவில் ஒரு பகுதி வைக்கோலிலேயே தங்குவதால், புரதக் கணக்கில் 8, 9 சதவீதம் வரை ஏறும்.

பிரிக்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடி வர வேண்டும், வைக்கோல் பழுப்பு மஞ்சளாக மெத்தென்று இருக்க வேண்டும். நெடியே இல்லாமல் பூசணம் பூத்திருந்தால் எங்கோ காற்றுப் புகுந்திருக்கிறது; அதைக் கால்நடைக்குக் கொடுக்கக் கூடாது, எருக்குழிக்குத்தான். நன்றாக வந்ததையும் ஓர் இரவு விரித்து ஆறவிட்டுத்தான் போட வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு வேண்டாம்.

யூரியா வாங்குவானேன், கோமியத்தையே தெளிக்கலாமே என்று தோன்றும். லிட்டருக்கு 8, 9 கிராம் நைட்ரஜன் என்று வைத்தால், 4 கிலோ யூரியாவுக்கு ஈடாக 200 லிட்டருக்கு மேல் வேண்டும். 100 கிலோ வைக்கோல் அதைத் தாங்காது, அழுகிவிடும். பாதி அளவு தெளித்தால் பாதி மருந்துதான் ஏறும். கழிவைக் கழிவாகவே சுற்றிவிட முடியாத இடங்களில் இதுவும் ஒன்று: பொருள் சரி, செறிவு போதாது.

அப்புறம் அதே நொதிக்கு மூன்றாவது வேலையிடம் மாட்டின் வயிறு. கல்லீரல் செய்யும் யூரியா எல்லாமே சிறுநீரில் போவதில்லை. நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ உமிழ்நீர் வழியாகவும் குடல் சுவர் வழியாகவும் மறுபடி செரிமானப் பாதைக்கே திரும்புகிறது. பெருவயிற்றின் சுவரில் ஒட்டி வாழும் பாக்டீரியா அதை அம்மோனியாவாக உடைக்க, மற்றவை அதை வைத்துப் புரதம் செய்கின்றன. அந்த நுண்ணுயிர்களை மாடு பிறகு செரித்துக்கொள்கிறது. ஃபின்லாந்தின் அர்த்தூரி விர்த்தனென் 1960-களில் மாடுகளுக்குப் புரதமே இல்லாத மாவுச்சத்தும் செல்லுலோஸும் யூரியாவும் கொடுத்துப் பால் கறந்து காட்டினார். இந்த வேலை மெதுவாக நடக்கும்வரைதான் நல்லது. யூரியாக் கரைசலை மாடு நேரடியாகக் குடித்துவிட்டால் அம்மோனியா ஒரேயடியாகக் கிளம்பி, உடல் நடுங்கி, வாயில் நுரை தள்ளி, சில மணி நேரத்தில் செத்துவிடும். தெளிப்புக் கரைசல் இருக்கும் வாளியை மாட்டுக்கு எட்டாமல் வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஆட்டின் பங்கு வேறு மாதிரி. கிளைரிசிடியா போன்ற வேலிமரங்களின் வேர்முடிச்சில் உள்ள பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தழையில் சேர்க்கின்றன. பத்து ஆடுகள் ஆளுக்கு 3 கிலோ பச்சைத்தழை தின்றால் நாளைக்கு 240 கிராம் நைட்ரஜன் கொட்டகைக்குள் வருகிறது. நம் மாடு தின்பதைவிட அதிகம். ஆட்டின் வளர்ச்சிக்குப் போவது அதில் கொஞ்சம்தான். மீதி பரணுக்குக் கீழே விழும். அங்கே வைக்கோல் பரப்பியிருக்க வேண்டும் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

கோழி யூரியாவாக இல்லாமல் யூரிக் அமிலமாகக் கழிக்கிறது. எச்சத்தின் மேல் வெள்ளையாகத் தெரிவது அதுதான். அது யூரியாவாக மாறுவதற்கே சில படிகள் தாண்ட வேண்டும், அதற்கு ஈரம் வேண்டும். கோழிக் கொட்டகைத் தரையில் கனமாகப் பரப்பியிருக்கும் ஆழ்கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி, அம்மோனியா கிளம்பும். உதிர்ந்தால் நைட்ரஜன் பத்திரம். இந்தக் கூளத்தில் நைட்ரஜன் நிறைய இருக்கிறதே என்று மாட்டுக்குத் தீவனமாகப் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. படத்தில் அழகான அம்புக்குறிதான். ஆனால் கூளத்தில் செத்த கோழி ஒன்று கிடந்தால் பொட்டுலிசம் நச்சு மந்தையையே சாய்த்துவிடும், மருந்து எச்சமும் கூடவே வரும். பல நாடுகளில் இதற்குத் தடை இருக்கிறது. சரியான தடை என்றே நினைக்கிறேன். அது வயலுக்குப் போகட்டும்.

ஐம்பது கோழிகள் ஆளுக்கு நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்றால் ஆண்டுக்கு 2,000 கிலோ. 17 சதவீதப் புரதம் என்றால் அதில் 54 கிலோ நைட்ரஜன். கோழிக்கு 250 முட்டை என்று வைத்தாலும், முட்டையோடு வெளியேறுவது 12, 13 கிலோதான். மீதி 40 கிலோவும் எச்சமாகப் பண்ணையிலேயே தங்குகிறது. நம் மாடு ஆண்டு முழுக்கக் கோமியத்தில் விடும் நைட்ரஜனைவிட அது அதிகம். தழைச்சத்தையாவது வேலிமரம் காற்றிலிருந்து பிடித்துத் தரும். பாலோடும் முட்டையோடும் போகிற பாஸ்பரஸுக்கு, அதாவது மணிச்சத்துக்கு, காற்றில் இருப்பே கிடையாது. அதுவும் கோழித்தீவன மூட்டையில்தான் உள்ளே வருகிறது. ஆகவே ‘நான் உரமே வாங்குவதில்லை’ என்று ஒருவர் சொன்னால், கோழித்தீவன ரசீதைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த மக்காச்சோளமும் சோயாவும் விளைந்த வயலுக்கு வேறு யாரோ உரம் போட்டிருக்கிறார்கள்.