சமநோக்குப் புள்ளி

நிதி மேலாண்மை வகுப்பில் 'இன்டிஃபரன்ஸ் பாயின்ட்' என்று வருவதைச் சில மொழிபெயர்ப்புகள் 'அலட்சியப் புள்ளி' என்று போட்டுவிடுகின்றன. யாரும் எதையும் அலட்சியம் செய்யவில்லை. மூலமான லத்தீன் சொல்லுக்கு 'வேறுபாடு இல்லாத' என்று பொருள். பொருளியலில் இதே சொல்லைக் கொண்ட வளைகோட்டை 1881இல் பொருளியலாளர் எட்ஜ்வொர்த் அறிமுகப்படுத்தினார். அதைத் தமிழ்ப் பாடநூல்கள் 'சமநோக்கு வளைகோடு' என்கின்றன. அந்த வழியில் இதைச் 'சமநோக்குப் புள்ளி' எனலாம்.

ஒரு நிறுவனத்துக்குப் பணம் தேவை. கடன் வாங்கலாம், இல்லையென்றால் புதுப் பங்கு வெளியிடலாம். எந்தச் செயல்பாட்டு லாபத்தில் (வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம்) இரண்டு வழியிலும் பங்கு ஒன்றுக்கான வருவாய் ஒன்றாகிறதோ, அந்த லாப அளவே சமநோக்குப் புள்ளி.

நிறுவனத்தில் ஏற்கெனவே 1,00,000 பங்குகள் உள்ளன, பழைய கடன் இல்லை, தேவை 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பங்கு ஒன்றை 40க்கு விற்றால் 25,000 புதுப் பங்குகள் வேண்டும். 10 சதவீத வட்டியில் கடன் வாங்கினால் ஆண்டு வட்டி 1 லட்சம். அதாவது, வெளியிடாமல் விட்ட ஒவ்வொரு பங்குக்கும் 4 வட்டியாகப் போகிறது. பங்கு வழியில் வரிக்கு முன் பங்குக்கு 4 கிடைக்கும் இடத்தில்தான் கணக்கு சமமாகும்: 1,25,000 பங்குகள் × 4 = 5 லட்சம்.

25 சதவீத வரி கட்டிச் சரிபார்ப்போம். பங்கு வழியில் மிஞ்சும் 3.75 லட்சத்தை 1,25,000ஆல் வகுத்தால் 3. கடன் வழியில் வட்டி போக 4 லட்சம், வரி போக 3 லட்சம், அதை 1,00,000ஆல் வகுத்தாலும் 3. லாபம் 6 லட்சமானால் கடன் வழியில் 3.75, பங்கு வழியில் 3.60. லாபம் 4 லட்சத்துக்கு இறங்கினால் நிலைமை தலைகீழ்: 2.25, 2.40.

இங்கே வரி விகிதம் எதுவானாலும் புள்ளி நகராது, இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில்தான் வெட்டு விழுகிறது. முன்னுரிமைப் பங்கு நுழைந்தால் கதை வேறு. அதன் ஈவுத்தொகை வரிக்குப் பிந்தைய லாபத்திலிருந்து போவதால், வரி விகிதமும் புள்ளியை நகர்த்தும். வெளியீட்டு விலையும் நகர்த்தும். மேலே சொன்ன பங்கு 32க்குத்தான் விலைபோகும் என்றால் 31,250 புதுப் பங்குகள் வேண்டும், புள்ளி 4.2 லட்சத்துக்கு இறங்கிவிடும்.

இதை 'லாப நட்டமற்ற புள்ளி'யோடு குழப்புபவர்கள் உண்டு. அங்கே லாபம் சுழியம், இங்கே பங்குக்கு 3 கிடைக்கிறது. அப்புறம், சமமாவது வருவாய் மட்டுமே, அபாயம் அல்ல. கடனின் அசலைத் திருப்பிக் கட்டும் சுமை இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. அடுத்த ஆண்டு 5.2 லட்சம் வரும் என்று மதிப்பிட்டு, அது 4க்கும் 6க்கும் இடையே ஊசலாடும் தொழிலாக இருந்தால், கடனுக்குப் போக நான் தயங்குவேன்.