கடன் மலிவாகத் தெரிவது ஏன்?

விரிவாக்கத் திட்ட அறிக்கைகளைப் பரிசீலிக்கும்போது ஒரு கணக்கு அடிக்கடி கண்ணில் படும். பங்குதாரர் எதிர்பார்ப்பது 14 சதவீதம், கடனுக்கு வட்டி 9 சதவீதம். அதனால் மூலதனத்தில் 40 சதவீதத்தைக் கடனாக மாற்றினால், எடையிட்ட சராசரி மூலதனச் செலவு 12-க்கு இறங்கிவிடும் என்று எழுதியிருப்பார்கள். பெருக்கல் சரிதான்: பங்குக்கு 8.4, கடனுக்கு 3.6. ஆனால் கடன் வந்த பிறகும் பங்குதாரர் அதே 14-ஐத்தான் கேட்பார் என்று வைத்துக்கொண்டார்களே, அங்கேதான் பிழை.

வரியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுப் பார்ப்போம். மூலதனம் 100, கடன் இல்லை. நல்ல ஆண்டில் லாபம் 22, சாதாரண ஆண்டில் 14, மோசமான ஆண்டில் 6. பங்குதாரருக்கும் அதே 22, 14, 6 சதவீதம்தான். இப்போது 40 கடன் வாங்கி, அந்தப் பணத்தைப் பங்குதாரருக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். எந்த ஆண்டானாலும் வட்டி 3.6 முதலில் போய்விடும். மீதி 60 பங்கு மூலதனத்துக்கு: நல்ல ஆண்டில் 30.7 சதவீதம், சாதாரண ஆண்டில் 17.3, மோசமான ஆண்டில் 4. லாபம் 3-க்கு விழுந்தால் பங்குதாரருக்கு நஷ்டமே வரும். கடன் இல்லாதிருந்தால் அப்போதும் 3 கிடைத்திருக்கும்.

தொழில் மாறவில்லை, அதன் ஆபத்தும் மாறவில்லை. கடன் கொடுத்தவர் அந்த ஆபத்திலிருந்து பெருமளவு விலகிக்கொண்டார். அவர் விட்டதெல்லாம் 60-ன் தலையில் ஏறிவிட்டது. அதற்கு ஈடாகப் பங்குதாரர் 17.3 கேட்பார். 60 சதவீத எடைக்கு அது 10.4, வட்டி 3.6 சேர்த்தால் பழைய 14-தான். பொருளியலாளர்கள் மோடிக்ளியானி, மில்லர் இருவரும் 1958-இல் காட்டியது இதைத்தான்.

அப்படியானால் கடனால் லாபமே இல்லையா? உண்டு, வரியில். வட்டி கழிக்கத்தக்க செலவு. வரி 25 சதவீதம், 14 என்பது வரிக்குப் பிந்தைய எதிர்பார்ப்பு, கடன் விகிதமும் 40-லேயே நிற்கிறது என்றால், சராசரி 0.9 குறைந்து 13.1 ஆகும். அந்தச் சலுகையும் வரி கட்டும் அளவுக்கு லாபம் இருந்தால்தான். கடன் இன்னும் ஏறினால் வட்டி விகிதம் கூடும், சப்ளையர்கள் முன்பணம் கேட்பார்கள். திவாலாகும் வரை அந்தச் செலவு காத்திருக்காது.

உங்கள் எக்செல் தாளில் கடன் விகிதத்தை 20, 40, 60 என்று மாற்றிப் பாருங்கள். பங்குச் செலவு அசையாமல், சராசரி மட்டும் நேர்கோட்டில் இறங்கிக்கொண்டே போனால் தாள் தவறு. 12.5 சதவீதம் தரும் திட்டம் அந்தத் தாளின் 12-ஐ எளிதாகத் தாண்டிவிடும், 13.1-ஐத் தாண்டாது.