நான்கு பேருக்கு ஒரு மங்குப் பால்

குழுப் பணிக்குத் தலைப்புக் கேட்டால், தோட்டப்புறப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் சொல்வது ‘எங்கள் தோட்டத்தின் வரலாறு’. அந்தத் தலைப்பில் எழுத்து வேலைதான் அதிகம். எழுத வரும் பிள்ளை இரவெல்லாம் எழுதும், மற்ற மூவரும் படம் ஒட்டுவார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, கோளாறு தலைப்பில் இருக்கிறது.

படிவம் ஐந்து வேதியியலில் வரும் ரப்பர்பால் உறைதலை எடுத்துப் பாருங்கள், அதில் நால்வருக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் செம்பனை பெருகிவிட்டாலும், அனுமதி கேட்டால் பால் தரும் சிறுதோட்டக்காரர்கள் இருப்பார்கள்.

கைவேலை வரும் மாணவர் நான்கு மங்குகளில் 20 மில்லிலிட்டர் பால் ஊற்றுகிறார். ஒன்றை அப்படியே விடுகிறார். மற்றவற்றில் வெள்ளை வினிகர், தண்ணீர், நீர்த்த அம்மோனியா என ஒவ்வொன்றிலும் 2 மில்லிலிட்டர் கலக்கிறார். ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள புரத உறையில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கும். அமிலம் அதைச் சமன்செய்ததும் துகள்கள் மோதி, உறை கிழிந்து ஒட்டிக்கொள்ளும். அம்மோனியா கலந்த பால் உறையாது. சும்மா விட்ட பாலும் பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தால் மறுநாளுக்குள் கட்டிப்பாலாகும். அதனால் பாலைக் காலையில் எடுத்து உடனே தொடங்க வேண்டும். தாமதத்துக்குப் பயந்து முன்கூட்டியே அம்மோனியா கலந்து கொண்டுவந்தால் வினிகர் மங்கும் உறையாமல் போகலாம், சோதனையே கெட்டுவிடும். சன்னல்களைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அம்மோனியா கண்ணையும் மூக்கையும் எரிக்கும்.

கணக்கில் கெட்டிக்கார மாணவருக்கு வேலை இங்கிருந்து தொடங்குகிறது. உறைந்த கட்டியை மெல்லியதாக உருட்டிக் காயவைத்துத் தினமும் எடை போட வேண்டும். பாலில் ரப்பர் சுமார் 30 விழுக்காடு, ஆகவே 20 மில்லிலிட்டருக்கு 6 கிராம் அளவில் நிற்க வேண்டும். 9 கிராம் காட்டினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. வெட்டிப் பார்த்தால் நடுவில் வெள்ளை தெரியும்.

பேச்சில் வல்லவர், பால்மரம் சீவிய பாட்டி தாத்தாக்களைச் சந்திக்கிறார். “மழை பெய்தால் மங்குல உள்ள பால என்ன செய்வீங்க பாட்டி?” என்ற ஒரு கேள்வியே தண்ணீர் மங்கின் முடிவோடு ஒப்பிடத் துணைசெய்யும். பங்கு பிரிப்பதில் பலரும் தவறுவது இங்கேதான். அரைமணி நேரப் பேச்சை எழுத்தாக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். மூவரைப் பேட்டி கண்டால் இந்த மாணவரின் வேலை மற்றவர்களைவிடப் பெருத்துவிடும், இருவர் போதும்.

நான்காமவர் துகள், மின்னூட்டப் படங்களை வரைகிறார், அறிக்கையையும் எழுதுகிறார். இடைநிலைப்பள்ளிக்கு அறிக்கை மலாயில் போகும் என்றால், தமிழ்ப் பேட்டியை மொழிபெயர்ப்பதும் இவருக்கே. அதையும் வேலை நேரமாகவே எண்ணுங்கள். முன்னுரையும் படங்களும் முதல் நாளே தொடங்கலாம், எடை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தொடங்குமுன் நால்வரும் தங்கள் வேலைக்கு ஆகும் மணி நேரத்தை ஒரே தாளில் எழுதட்டும். ஒருவர் எட்டும் இன்னொருவர் மூன்றும் எழுதியிருந்தால், சோதனையை மூன்று முறை திரும்பச் செய்யும் வேலையை அந்த மூன்று மணிக்காரரிடம் கொடுங்கள்.