தற்காலிக நினைவகமா, பதுக்ககமா?

செயலிகள் ஃபோனில் எடுத்துவைக்கும் நகல்களான cache, அதாவது கேஷ் என்பதைத் 'தற்காலிக நினைவகம்' என்று எழுதுவதை இன்னும் எத்தனை முறை படிப்பதோ தெரியவில்லை. போன வாரம் அத்தையின் ஃபோனில் 'இடம் நிரம்பிவிட்டது' என்று எச்சரிக்கை வந்தது. சுமார் 3 ஜிபி படங்களை அழித்தும் அது போகவில்லை. "தற்காலிகம்னுதானே போட்டிருக்கு, அணைச்சு போட்டா தானா போயிடும்" என்று ஃபோனை மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார். அவர்மேல் தப்பில்லை, அந்தச் சொல் அப்படித்தான் சொல்கிறது.

கேஷ் என்ற சொல்லின் வேர் பிரெஞ்சு: 'cacher' என்றால் ஒளித்துவை. கணினித் துறைக்குள் இந்தச் சொல் 1960-களின் கடைசியில் வந்தது.

அணைத்தால் அழிவது ராம். அதைத் தற்காலிக நினைவகம் என்றால் சரி. செயலிகளின் கேஷ் கோப்புகளோ உள்சேமிப்பில் கிடப்பவை, அணைத்தாலும் அங்கேயே இருக்கும். அவற்றின் அடையாளம் எத்தனை நாள் இருக்கின்றன என்பது அல்ல. மூலம் வேறெங்கோ இருக்க, மறுபடி இறக்காமல் இருக்க எடுத்துவைத்த நகல் என்பதுதான் அடையாளம். அதனால்தான் பயமில்லாமல் அழிக்கலாம். 'தற்காலிகம்' இந்த முக்கியமான செய்தியை விழுங்கிவிடுகிறது.

எனக்குப் பிடித்தது 'பதுக்ககம்'. பதுக்கல் என்றால் கள்ளச் சரக்கு நினைவு வருகிறதே என்று மறுப்பார்கள். வரட்டுமே! கண்ணில் படாமல் எடுத்துவைப்பது என்ற பொருள் பிரெஞ்சு வேரோடும் பொருந்துகிறது, ஃபோனில் நடப்பதோடும் பொருந்துகிறது.

அத்தையின் ஃபோனுக்கு வருவோம். அழித்த படங்கள் முதலில் குப்பைத்தொட்டிக்குத்தான் போயிருந்தன. பல ஃபோன்களில் 30 நாள் வரை அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் காலிசெய்தபின், அமைப்புகளில் சேமிப்பகப் பகுதிக்குப் போய்ச் செயலிகளை அளவுப்படி அடுக்கினோம். ஒரு வீடியோ செயலி மட்டும் 5 ஜிபிக்கு மேல். உள்ளே பதுக்ககம் 1.4 ஜிபி, 'தரவு' 3.6 ஜிபி. Clear cache அழுத்தியதும் அந்த 1.4 உடனே திரும்பியது. மீதி அவரே பிறகு பார்க்க இறக்கிவைத்த வீடியோக்கள், செயலிக்குள் போய்த்தான் ஒவ்வொன்றாக அழித்தோம்.

பக்கத்திலேயே இருக்கும் Clear storage-ஐ (சில ஃபோன்களில் Clear data) அழுத்தியிருந்தால் உள்நுழைவு, அமைப்புகள் எல்லாம் சேர்ந்து போயிருக்கும். இந்த இரண்டு பொத்தான்களையும் 'தற்காலிகச் சேமிப்பை அழி', 'சேமிப்பகத்தை அழி' என்று மொழிபெயர்த்துவைத்தால், அவசரத்தில் இருப்பவர் எதை அழுத்துவார்? ஒன்று நகலை மட்டும் அழிக்கிறது, மற்றது செயலி ஃபோனில் வைத்திருக்கும் எல்லாவற்றையும் அழிக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறையாவது அந்தத் திரையைத் திறந்து, இரண்டையும் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேட வேண்டும்.