பிடிக்கும்: நான் அல்ல, எனக்கு

களுவாஞ்சிகுடியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஆங்கிலப் பாடத்துக்குச் செய்த மொழிபெயர்ப்பைக் காட்டினாள். 'நான் எருமைத் தயிரை நேசிக்கிறேன்' என்று முதல் வரி இருந்தது. ஆங்கிலத்தின் 'லவ்' தயிருக்கும் தாய்க்கும் காதலனுக்கும் பொது. தமிழில் யாரும் தயிரை நேசிப்பதில்லை. 'எனக்கு எருமைத் தயிர் நல்ல விருப்பம்' என்போம்; அல்லது 'மிகவும் பிடிக்கும்' என்போம்.

'பிடிக்கும்' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாவியில் தோணி விடுபவர் 'நான் மீன் பிடிப்பேன்' என்றால் அது அவருடைய தொழில். 'எனக்கு மீன் பிடிக்கும்' என்றால் அது நாவின் விருப்பம். முதல் வாக்கியத்தில் ஆள் மீனைப் பிடிக்கிறார். இரண்டாவதில் மீன்தான் ஆளைப் பிடித்துக்கொள்கிறது. 'எனக்குச் சளி பிடித்தது' என்பதும் இதே அமைப்பு. பிடித்தல் நாம் செய்யும் வினை அல்ல, நமக்கு நேர்வது என்பதால்தான் 'நான்' விலகி 'எனக்கு' வருகிறது.

இந்தி இதற்கு மிக அருகில் நிற்கிறது. அங்கே 'லக்னா' என்றால் ஒட்டுதல், படுதல். 'முஜே சர்தீ லகீ' என்றால் எனக்குக் குளிர் பட்டது. 'முஜே அச்சா லக்தா ஹை' என்றால் எனக்குப் பிடிக்கும். 'முஜே' என்பது நம் 'எனக்கு'வேதான். விருப்பத்தைக் குறிக்கும், பாரசீகத்திலிருந்து வந்த 'பசந்த்' என்ற சொல்லும் அதே 'முஜே'யோடுதான் வழங்குகிறது.

காலமும் பொருளை மாற்றும். பெண் பார்த்துத் திரும்பிய மகனிடம் தாய் 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்பாள், 'பிடிக்குமா?' என்று கேட்கமாட்டாள். பிடிக்கும் என்பது நிலைத்த இயல்பு, பிடித்திருக்கிறது என்பது இப்போது கண்டு மனதில் பதிந்தது. இந்தியில் இந்த இடத்துக்கு 'பசந்த் ஆயீ' பொருந்தும். ஆங்கிலத்தில் 'லைக்' ஒன்றே இரண்டையும் சுமக்கிறது.

'விரும்பு' நாமே செய்யும் வினை. 'வாங்க விரும்புகிறேன்' என்றும், 'விரும்பிக் கலியாணம் முடித்தார்கள்' என்றும் வரும். வேண்டுதலையும் காதலையும் ஒன்றாகக் கொள்ளும் இந்தியின் 'சாஹ்னா' இதற்குச் சரியான இணை.

'நேசம்' வடமொழி ஸ்நேகத்தின் வழிவந்தது. ஸ்நேகம் எண்ணெயையும் குறிக்கும். அங்கேயும் ஒட்டும் தன்மைதான் வேர். இன்று எழுத்துத் தமிழில் நாட்டையும் மனிதரையும் நேசிக்கலாம், பண்டத்தை நேசிப்பது ஒட்டாது. 'காதலி' என்ற வினை ஆண் பெண் உறவுக்கென்று சுருங்கிவிட்டது. ஆனால் 'காதல காதல் அறியாமை' என்று 440ஆம் குறள் அரசன் விரும்பும் பொருள்களையே 'காதல' என்கிறது. அன்று அது அகன்ற சொல்.

பிள்ளையின் அடுத்த வரி 'நான் என் அம்மாவைக் காதலிக்கிறேன்'. அதை அடித்துவிட்டு, வீட்டில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள்: 'அம்மா என்றால் எனக்கு உயிர்.' வினைச்சொல்லே இல்லை. அதையே எழுதச் சொன்னேன்.